போட்டோவில் பச்சையாகத் தெரியும் ஏலக்காய் புதுசுதானா?

"ஆன்லைனில் பிரியாணி மசாலா காம்போ ஒன்று வாங்கினேன். ஏலக்காய், கிராம்பு, அன்னாசிப்பூ எல்லாம் ஒரே டப்பாவில் கலந்து வந்திருக்கிறது. தட்டில் கொட்டி போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறேன். எது எது என்று சொல்லுங்கள். கிராம்பில் சிலது மட்டும் ரொம்பப் பெரிதாக இருக்கிறது. ஏலக்காய் நல்ல பச்சை, கிராம்பு கறுப்பு, பூ சிவப்பு. நிறத்தைப் பார்த்து புதுசா பழசா என்று கண்டுபிடிக்க முடியுமா?"

பெயர் சொல்வது சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். தட்டின் இடது பக்கம் பச்சையாக, இரண்டு முனையும் கூம்பி, மூன்று பட்டை வைத்தது போல இருப்பது ஏலக்காய். ஆணி மாதிரி ஒரு காம்பும் அதன் தலையில் நான்கு பல்லும், பல்லுக்கு நடுவில் ஒரு சின்ன உருண்டையும் இருப்பது கிராம்பு. கடையில் லவங்கம் என்று கேட்டாலும் இதைத்தான் தருவார்கள். லவங்கப்பட்டை என்று கேட்டால் பட்டையைத் தருவார்கள். இந்தப் பெயர்க் குழப்பத்தில் ஆன்லைன் கடைகளில் படம் ஒன்றும் பெயர் ஒன்றுமாகப் போட்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். எட்டு இதழ் விரித்த மரப்பூ போல இருப்பது அன்னாசிப்பூ. உண்மையில் அது பூ இல்லை, காய். ஒவ்வொரு இதழும் ஒரு சின்னப் படகு, அதற்குள் பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு விதை உட்கார்ந்திருக்கும்.

நீங்கள் பெரிய கிராம்பு என்று நினைப்பது கிராம்பே இல்லை, மராட்டி மொக்கு. போட்டோவில் நான்கு தெரிகிறது. கிராம்பு ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். மராட்டி மொக்கு கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு. அதோடு கிராம்பின் தலையில் இருக்கிற அந்த நாலு பல்லும் உருண்டையும் இதில் இருக்காது. கிண்ணம் மாதிரி ஒரு மூடி காம்பின் மேல் கவிந்திருக்கும். அளவு காட்ட எதுவும் பக்கத்தில் இல்லாமல் தனியாகப் போட்டோ எடுத்தால் பழகினவர்களே ஏமாறுவார்கள். உங்கள் போட்டோவில் பக்கத்திலேயே ஏலக்காய் இருந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. செட்டிநாட்டுச் சமையலில் இதைச் சேர்ப்பார்கள், காரியத்துக்கு ஆகிற பொருள்தான், தூக்கிப் போட வேண்டாம்.

இனி நிறம். நான் போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் இருபத்திரண்டு வருடம் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவன். இப்போது சொந்தமாக மசாலா சரக்கு வாங்கி விற்கிறேன். ஏலக்காயைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன், கிராம்பைப் பற்றி அடிபட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்வேன். அன்னாசிப்பூ நம் ஊர்ச் சரக்கு இல்லை, பெரும்பாலும் சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வருவது. அதில் எனக்கு இருப்பது வாங்கி விற்ற பழக்கம். இந்த மூன்றிலும் நிறம் முதலில் காட்டிக்கொடுப்பது சரக்கை எப்படிக் காய வைத்தார்கள் என்பதை. எத்தனை நாள் ஆயிற்று என்பதற்கு நிறம் அரைகுறைச் சாட்சிதான். அதுவும் ஏலக்காய்க்குக் கொஞ்சம் பொருந்தும், கிராம்புக்கும் அன்னாசிப்பூவுக்கும் அந்த அளவுக்குக்கூடப் பொருந்தாது.

ஏலக்காயை எடுத்துக்கொள்வோம். செடியிலிருந்து பறிக்கும்போது எல்லாக் காயும் பச்சைதான். அதை வெயிலில் பரப்பினால் பச்சை போய் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். அதனால் மலையில் ஸ்டோர் என்று சொல்கிற உலர்த்தும் கட்டடத்தில், 45 முதல் 55 டிகிரிச் சூட்டில், ஒரு பகல் ஒரு இரவு போலப் பக்குவமாகக் காய வைப்பார்கள். சூடு அதற்கு மேல் ஏறினால் காய் பழுப்படிக்கும், சூடு குறைந்து ஈரம் தங்கினாலும் நிறம் மங்கும். காய வைக்கும் முன் 2 சதவீத வாஷிங் சோடாக் கரைசலில் 10 நிமிடம் முக்கி எடுக்கிற பழக்கமும் உண்டு, பச்சை நிற்பதற்காக. ஐந்து கிலோ பச்சைக் காய் போட்டால் ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். ஆக, உங்கள் தட்டில் இருக்கிற பச்சை, காய வைத்தவர் ஒழுங்காக வேலை செய்தார் என்பதற்கு அடையாளம். போன மாதம் காய வைத்தாரா, போன வருடமா என்பது வேறு கேள்வி.

காலம் ஆக ஆகப் பச்சை மங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அதைச் செய்வது காலம் மட்டும் இல்லை, வெளிச்சமும் ஈரமும். கறுப்புப் பாலித்தீன் உறை போட்ட சாக்கில், இருட்டுக் கிடங்கில் கட்டி வைத்தால் பல மாதம் கழித்துப் பிரித்தாலும் காய் பச்சையாகவே நிற்கும். அதே காயைக் கண்ணாடி ஜாடியில் போட்டு ஜன்னல் ஓரம் வைத்தால் சில வாரத்திலேயே வெளுக்க ஆரம்பிக்கும். அதனால் வெளுத்த ஏலக்காயைப் பார்த்தால் பழசாக இருக்கலாம், வெளிச்சத்தில் இருந்திருக்கலாம், வெயிலில் காய வைத்ததாக இருக்கலாம், வேண்டுமென்றே வெளுக்க வைத்ததாகவும் இருக்கலாம். வெள்ளை ஏலக்காய் கேட்டு வாங்குகிற சந்தையும் உண்டு. போட்டோ இந்த நாலையும் பிரித்துச் சொல்லாது.

இன்னொன்று, இது பலருக்கும் தெரியாது. முற்றாத இளங்காய் பச்சையை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாக விளைந்து, இன்னும் இரண்டு நாளில் பழுக்கும் என்கிற காயில்தான் வாசனை நிறைந்திருக்கும். அதுவே கொஞ்சம் பழுத்துவிட்டால் காய்ந்தபின் மஞ்சள் ஓடும், வெடிக்கவும் செய்யும். அதனால் கண்ணைப் பறிக்கிற ஒரே சீரான பச்சையைப் பார்த்தால் நான் சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு காயைப் பிளப்பேன். ஏலம் நடக்கும்போது சாம்பிளைப் பார்க்கிற பழைய வியாபாரிகளும் அதைத்தான் செய்வார்கள். கட்டைவிரல் நகத்தால் தோலைக் கிழித்து உள்ளே இருக்கிற அரிசியைப் பார்ப்பார்கள். அரிசி என்றால் ஏலரிசி, விதை. மூன்று அறை, அறைக்கு ஒரு கொத்து. விதை கறுப்பாகவோ நல்ல கரும்பழுப்பாகவோ இருந்து, ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொண்டு, விரலில் பிசுபிசுத்தால் அது விளைந்த, உயிர் உள்ள காய். விதை வெளிறி, வெள்ளையும் பழுப்புமாக இருந்தால் இளங்காய். விதை சுருங்கி, கொத்து உதிர்ந்து, காயைக் காதருகே ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்டால் பழசு. தோல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் சரி.

தரம் பிரிக்கிறபோது நாங்கள் நிறத்தோடு பார்க்கிற இரண்டு விஷயம் பருமனும் லிட்டர் எடையும். 8 மில்லிமீட்டர், 7 மில்லி, 6 மில்லி என்று சல்லடை போட்டுப் பருமனைப் பிரிப்போம். அப்புறம் ஒரு லிட்டர் பாத்திரத்தில் காயைக் கொட்டி நிரப்பி எடை போடுவோம். அக்மார்க் தரத்தில் முதல் ரகத்துக்கு லிட்டருக்கு 435 கிராமும், மூன்றாம் ரகத்துக்கு 385 கிராமும் குறைந்தபட்சம் வேண்டும். காயில் அரிசி நிறைந்திருந்தால் எடை நிற்கும், தோல் மட்டும் பருத்து உள்ளே காலியாக இருந்தால் எடை விழுந்துவிடும். பருமனை போட்டோவில் பார்த்துவிடலாம், எடையைப் பார்க்க முடியாது. ஏலக்காய் வாங்குவதில் பணம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், நிறத்தில் இல்லை.

சாயம் ஏற்றின ஏலக்காய் பற்றியும் கேட்பீர்கள். வெளுத்த பழைய காய்க்குப் பச்சைச் சாயம் கொடுத்து விற்பது சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. உங்கள் போட்டோவை வைத்து இருக்கிறது என்றோ இல்லை என்றோ நான் சொல்ல மாட்டேன். வீட்டிலேயே பார்த்துவிடலாம். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து ஐந்தாறு காயைப் போட்டு 10 நிமிடம் விடுங்கள். காயின் இயற்கையான பச்சை இலையில் இருக்கிற அதே பச்சையம், அது தண்ணீரில் கரையாது. தண்ணீர் லேசான மஞ்சளாகவோ தேநீர் நிறமாகவோ மாறினால் கவலை வேண்டாம். தெளிவான பச்சை இறங்கினால் அது காயின் நிறம் இல்லை. ஈர வெள்ளைத் துணியால் காயைத் தேய்த்துப் பார்ப்பதும் இதே கணக்குதான். தண்ணீரில் கரையாத சாயமும் இருக்கலாம் என்பதால், பச்சை இறங்கவில்லை என்றால் சாயமே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் போட்டோவின் நிறத்தையே நம்பலாமா என்று பார்க்க வேண்டும். நம்ப முடியாது என்பதுதான் என் எண்ணம், காரணம் படத்திலேயே இருக்கிறது. தட்டு வெள்ளைத் தட்டு என்று விளிம்பில் இருக்கிற பூ வேலைப்பாட்டைப் பார்த்தால் தெரிகிறது, ஆனால் படத்தில் அந்த வெள்ளை இளமஞ்சளாக இருக்கிறது. ராத்திரி சமையலறை பல்பு வெளிச்சத்தில் எடுத்திருக்கிறீர்கள். மஞ்சள் வெளிச்சத்தில் அன்னாசிப்பூ இருப்பதைவிடச் சிவப்பாகத் தெரியும். ஏலக்காய் இன்னும் மங்கலாகத்தான் தெரிய வேண்டும், ஆனால் பளீரென்று தெரிகிறது. உங்கள் போன் பச்சையைத் தானே தூக்கிக் காட்டியிருக்கலாம், நிறைய போன்களில் சாப்பாட்டுப் பொருள் என்றால் அப்படிச் செய்கிற அமைப்பு இருக்கிறது. இல்லை, காயே அவ்வளவு பச்சையாக இருக்கலாம். இந்தப் படத்தை வைத்து இரண்டில் எது என்று தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

கிராம்பு கறுப்பாகத் தெரிவதற்கு வேறு காரணம். வெள்ளைத் தட்டு படத்தில் முக்கால் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் அதிகம் என்று கேமரா நினைத்து மொத்தப் படத்தையும் ஒரு படி இருட்டாக்கிவிடும். தட்டு சரியாகத் தெரியும், கரும்பழுப்பாக இருக்கிற சின்னப் பொருள் எல்லாம் கரியாகிவிடும். மராட்டி மொக்கும் அதே படத்தில் கறுப்பாகத்தான் தெரிகிறது, அது நிஜத்தில் மங்கின பழுப்பு. ஆகவே கிராம்பு கறுப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். நாளைக் காலை பத்து மணி வாக்கில், வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம், பழுப்பு அட்டையின் மேல் பரப்பி, மூலையில் ஒரு சின்ன வெள்ளைத் தாளும் ஒரு ஸ்கேலும் வைத்து எடுங்கள். ஃப்ளாஷும் ஃபில்டரும் வேண்டாம். திரையில் கிராம்பின் மேல் ஒரு முறை தொட்டுவிட்டு எடுத்தால் கேமரா அதற்கேற்ற வெளிச்சம் வைக்கும். படத்தில் அந்தத் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறங்களைப் பற்றிப் பேசலாம்.

கிராம்பில் நான் அடிபட்ட கதையைச் சொல்கிறேன். சொந்தத் தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு வெளியூர் வியாபாரி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். நல்ல பருமன், ஒரே அளவு, அழகான கரும்பழுப்பு, மினுமினுப்பு வேறு. விலையும் சந்தையைவிடக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. 25 கிலோ வரவழைத்தேன். மூட்டையைப் பிரித்ததும் வாசனை முகத்தில் அடிக்கவில்லை, அப்போதே வயிறு கலங்கியது. ஒரு கிராம்பை எடுத்து நகத்தால் காம்பை அழுத்தினேன், உலர்ந்த குச்சி மாதிரி முறிந்தது. எண்ணெய் எடுத்துவிட்டு மிஞ்சின சரக்கு அது. ஆவியில் எண்ணெயை வடித்த கிராம்பு சுருங்கி நிறம் கருத்துவிடும். அதை மறைக்க மேலே ஏதோ எண்ணெய் தடவி மினுக்கியிருந்தார்கள். படத்தில் எது எனக்குத் தரம் என்று தெரிந்ததோ, அந்தக் கருமையும் மினுப்பும்தான் அதன் குறையே. நல்ல கிராம்பில் எடையில் ஆறில் ஒரு பங்கு வரை எண்ணெய் இருக்கும், நகம் பட்டால் கசியும், தாளில் அழுத்தினால் கறை விழும். மேலே தடவின எண்ணெயும் கறை விழ வைக்கும் என்பதால் முதலில் கிராம்பைத் துடைத்துவிட்டு முறித்து, முறிந்த இடத்தைத் தாளில் அழுத்த வேண்டும்.

கிராம்பு மரத்தில் பூக்காத மொட்டு. இளஞ்சிவப்பு ஏறும்போது பறித்து நாலைந்து நாள் வெயிலில் காய வைப்பார்கள். பறிக்கும்போது இல்லாத அந்தப் பழுப்பு, காயும்போது வருவது. நன்றாகக் காய்ந்ததில் காம்பு செம்பழுப்பு, தலை உருண்டை அதைவிடக் கொஞ்சம் வெளிர். இந்த இரண்டு நிற வித்தியாசம் வெளிச்சம் சரியாக உள்ள போட்டோவில் தெரியும், அது ஓரளவு நல்ல அடையாளம். எல்லாம் ஒரே மொத்தக் கறுப்பாக இருந்தால் சந்தேகப்படலாம். மழையில் மாட்டிக்கொண்டு, குவித்துப் போட்டுப் புளித்துப்போன கிராம்பு வெளுத்து, சுருக்கம் விழுந்து, மேலே மாவு படிந்தது போல இருக்கும். இதைப் போட்டோவிலேயே ஒதுக்கிவிடலாம். தலை உருண்டை உதிர்ந்தவையும் தெரியும். உங்கள் படத்தில் எண்ணியவரை முப்பதுக்கு ஆறு தலையில்லாமல் இருக்கிறது. டப்பாவில் குலுங்கி வந்ததில் கொஞ்சம் உதிரும், அதனால் இதை வைத்துப் பழசு என்று சொல்ல மாட்டேன். டப்பாவின் அடியில் உருண்டைகள் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் வழியில் உதிர்ந்தது, ஒன்றுமே இல்லை என்றால் பேக் செய்யும்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது.

கிராம்புக்குத் தண்ணீர்ச் சோதனை ஒன்று உண்டு. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பத்து கிராம்பைப் போடுங்கள். எண்ணெய் உள்ளது மூழ்கும், அல்லது தலை மேலாகச் செங்குத்தாக நிற்கும். எண்ணெய் போனது தண்ணீர் மேல் படுத்து மிதக்கும். பத்தில் ஒன்றிரண்டு படுத்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏழெட்டுப் படுத்தால் சரக்கு சரியில்லை. எண்ணெய் எடுத்ததா, வருடக் கணக்கில் கிடந்து எண்ணெய் பறந்ததா என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. சமைக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தேவையும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மலைக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சரக்கையும் மடகாஸ்கர், இலங்கைச் சரக்கையும் படத்தில் வைத்துப் பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது, முடியும் என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் உஷாராகவே இருப்பேன்.

அன்னாசிப்பூ மரத்தில் இருக்கும்போது பச்சை. கொதிநீரில் முக்கியெடுத்து வெயிலில் காய வைத்தால் செம்பழுப்பு வரும். புகையிலோ நிழலிலோ காய்ந்தது கருத்திருக்கும். ஆக, சிவப்பு என்றால் புதுசு, கறுப்பு என்றால் பழசு என்கிற கணக்கு இங்கே எடுபடாது. அதுமட்டுமில்லை, கந்தகப் புகை போட்ட பூ எல்லாவற்றையும்விட அழகாக, ஆரஞ்சு கலந்த சிவப்பில், ஒன்றுபோல் இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் சோம்பு வாசனைக்கு முன்னால் ஒரு புளிப்பான நெடி அடிக்கும். படத்தில் நான் நிறத்தைவிட முழுமையைப் பார்ப்பேன். பெரும்பாலும் எட்டு இதழ் இருக்க வேண்டும், இதழ்கள் கொஞ்சம் வாய் திறந்து விதை தெரிய வேண்டும். உங்கள் படத்தில் ஏழு பூவில் ஐந்து முழுசு, விதையும் இருக்கிறது. இரண்டில் பாதி இதழ்கள் மூடியே இருக்கின்றன, அவை முற்றாமல் பறித்தவை. கெட்டுப்போனது இல்லை, வாசனை குறைவு, அவ்வளவுதான். புதுசா என்று அறிய ஒரு இதழை முறித்துக் கசக்குங்கள். வாசனை விதையில் இல்லை, இதழின் கெட்டியான சதையில் இருக்கிறது. இனிப்பான சோம்பு வாசனை உடனே எழ வேண்டும், நுனி நாக்கில் வைத்தால் இனிக்க வேண்டும்.

அன்னாசிப்பூவில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு ஜப்பானில் வளர்கிற ஒரு பங்காளி உண்டு, இலிசியம் அனிசேட்டம் என்று பெயர். அது நஞ்சு. தின்றால் வாந்தியும் வலிப்பும் வரும். அதன் காய் கொஞ்சம் சிறியது, இதழ் நுனி கொக்கி மாதிரி வளைந்து கூர்மையாக இருக்கும், சோம்பு வாசனை இருக்காது என்று சொல்வார்கள். தனித்தனியாகக் கையில் வைத்துப் பார்த்தால் இது உதவும். உலர்ந்து, உடைந்து, ஒன்றோடொன்று கலந்துவிட்டால் கண்ணால் நம்பகமாகப் பிரிக்க முடியாது, ஆய்வகத்தில்தான் முடியும். இந்தக் கலப்பு சந்தேகத்தின் பேரில் 2003இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அன்னாசிப்பூ தேநீர் குடிக்க வேண்டாம் என்று மக்களை எச்சரித்தது. பாதிக்கப்பட்டவர்களில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். உங்கள் படத்தில் இதழ் நுனி மழுங்கலாக, தடிப்பாக இருக்கிறது, சமையல் பூதான் என்று நினைக்கிறேன். ஆனால் அது போட்டோவைப் பார்த்துச் சொன்னது. பிரியாணியில் ஒன்றிரண்டு போடுங்கள். குழந்தைக்கு வயிற்று வலி என்று இதைக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொல்லி வீடியோ வந்தால் அதைச் செய்யாதீர்கள். நம் வீடுகளில் அதற்கு ஓமத் தண்ணீர்தான் வழக்கம்.

மூன்றும் ஒரே டப்பாவில் வந்ததில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கிராம்பு வாசனை எல்லாவற்றிலும் ஏறியிருக்கும். ஏலக்காயை அப்படியே மோந்து பார்த்து நல்ல வாசனை என்று நினைத்தால், நீங்கள் மோந்தது பக்கத்தில் இருந்த கிராம்பாக இருக்கலாம். ஏலக்காய்த் தோலில் சொந்த வாசனை சொற்பம், எல்லாம் அரிசியில்தான். அதனால் பிரித்து எடுத்து, ஒரு காயை உரித்து, நாலு விதையைப் பல்லில் கடியுங்கள். முதலில் காரம் மாதிரி ஒரு குளிர்ச்சி ஏறி, அப்புறம் இனிப்பான வாசனை வந்து, கொஞ்ச நேரம் வாயில் நின்றால் நல்ல காய். மரத்தூள் மெல்கிற மாதிரி இருந்தால் பச்சையைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று அர்த்தம். பிரித்தபின் தனித்தனி டப்பாவில் வையுங்கள், ஏலக்காயை இருட்டான இடத்தில், தோலோடு. உரித்த அரிசி சீக்கிரம் வாசனை விட்டுவிடும், பொடித்தது இன்னும் சீக்கிரம்.

ஏலக்காயில் உங்கள் படம் எனக்கு உறுதியாகக் காட்டுவது இவ்வளவு: பெரும்பாலான காய் 7 மில்லிக்கு மேல் இருக்கும் போலத் தெரிகிறது, மூன்று காய் வெடித்திருக்கிறது, நாலைந்தில் தோலில் சொறி மாதிரி பழுப்புத் தழும்பு இருக்கிறது. தழும்பு இலைப்பேன் பூச்சி கடித்தது, காய் பிஞ்சாக இருக்கும்போதே வந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கும், விலை குறையும், உள்ளே அரிசி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சாயமும் மெருகும் இல்லாத சரக்கு என்று நினைக்க அது ஒரு சின்னக் காரணம்கூட. ஊசி குத்தினது போல வட்டமான ஓட்டை இருந்தால் அது வேறு, அது புழு, அதை எடுத்துவிட வேண்டும். படத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை, ஆனால் காயின் அடிப்பக்கம் எனக்குத் தெரியாதே, புரட்டிப் பாருங்கள். வெடித்த மூன்றை இந்த வாரமே டீயில் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

டப்பாவில் தேதி இருக்கிறது, அதைப் பார்த்தால் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். அது பேக் செய்த தேதி, பறித்த தேதி இல்லை. நம் மலைகளில் ஏலக்காய்ப் பறிப்பு பெரும்பாலும் ஆகஸ்டு வாக்கில் தொடங்கி பிப்ரவரி வரை, ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்று என்று போகும். மே மாதம் பேக் செய்ததாக இருந்தால் உள்ளே இருப்பது எப்படியும் சில மாதம் கிடங்கில் இருந்த காய். டிசம்பரில் பேக் செய்தது என்றால் அந்தப் பருவத்துக் காயாக இருக்க வாய்ப்பு அதிகம், போன வருட மிச்சத்தைக் கலக்கவில்லை என்றால். நாளைக்குப் படம் எடுக்கும்போது பிளந்த ஏலக்காய் ஒன்று, முறித்த கிராம்பு ஒன்று, டப்பாவின் தேதி இருக்கிற பக்கம், மூன்றையும் சேர்த்து எடுத்துப் போடுங்கள். அரிசியின் நிறத்தைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் உறுதியாகச் சொல்கிறேன்.